சோதனைக்கு அனுப்பிய 45 டாலர்

எழுதி ரொம்ப நாளாச்சு. நடுவுல ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டுப் படிச்சதுல இந்தப் பக்கம் வரவே நேரமில்லை. படிச்சதை எங்கேயாவது இறக்கி வைக்கலைன்னா தலை வெடிச்சிடும், அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி எதாவது எடுத்து வச்சுக்கிட்டு உட்காருங்க.

ஆரம்பிச்சது இப்படி. 2023 தொடக்கத்துல ஒரு நாள், என் வாலட்ல பழைய கணக்கு எதையோ தேடிக்கிட்டிருந்தேன். பெரிய தொகை எல்லாம் இல்லைங்க, வெளிநாட்டு நண்பர் ஒருத்தருக்கு எப்பவாவது கொஞ்சம் டெதர் அனுப்புவேன், அவ்வளவுதான். டெதர்னா ஒரு காசு ஒரு டாலர்னு மதிப்பு வச்சு ஓடுற டிஜிட்டல் நாணயம். பட்டியல்ல பார்த்தா, நண்பருக்கு நான் அனுப்பினதுக்கு மேலேயே இன்னொரு வரி. என் முகவரியிலேருந்து வெளியே போயிருக்கு. போன முகவரியின் தலையும் வாலும் நண்பரோடதே. தொகை மட்டும் 0.

நான் அனுப்பவே இல்லை! சாவியை யாரோ எடுத்துட்டாங்கன்னு நினைச்சு வயித்துல புளியைக் கரைச்சுது. ஆனா காசு அப்படியே இருந்தது. நாலைஞ்சு நாள் குடைஞ்ச பிறகுதான் புரிஞ்சுது, சாவியை யாரும் எடுக்கலை. யாரோ எனக்காகப் பொறுமையா ஒரு பொறி வச்சுட்டுப் போயிருக்காங்க. அடுத்த தடவை நண்பருக்கு அனுப்பும்போது பட்டியல்ல மேலே இருக்கிற வரியிலேருந்து முகவரியைக் காப்பி பண்ணியிருந்தேன்னா, என் கையாலேயே அவங்களுக்குக் கொடுத்திருப்பேன். உண்மையைச் சொன்னா, அதுவரைக்கும் நான் அப்படித்தான் காப்பி பண்ணிக்கிட்டிருந்தேன்.

இதுக்கு 'அட்ரஸ் பாய்சனிங்'னு பேர். கிணத்துல விஷத்தைக் கலந்துட்டு, தண்ணி எடுக்க வரும்வரைக்கும் காத்திருக்கிற மாதிரி, முகவரிப் பட்டியல்ல விஷம் கலக்குறது. இதுல விழுந்தவங்க பட்டியலைப் பார்த்தப்போதான் ஒரு சின்ன ஆறுதல். என்னைவிட ரொம்பப் பெரிய ஆளுங்க எல்லாம் விழுந்திருக்காங்க :-)

போலீஸே விழுந்த கதை

2023-ல அமெரிக்காவின் போதைமருந்துத் தடுப்புத் துறையான டி.இ.ஏ., கடத்தல் பணம்னு சந்தேகப்பட்டு 5 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் அதிகமான டெதரைப் பறிமுதல் பண்ணினாங்க. ரெண்டு கணக்குலேருந்து எடுத்தது. எடுத்ததை ட்ரெசர்ங்கிற ஹார்டுவேர் வாலட்ல போட்டு, பாதுகாப்பான இடத்துல பூட்டியும் வச்சாங்க. ட்ரெசர்னா ஒரு சின்னப் பெட்டி. சாவி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும், இணையத்துப் பக்கம் வரவே வராது. இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

பறிமுதல் பண்ணின சொத்தை யு.எஸ். மார்ஷல்ஸ்ங்கிற இன்னொரு துறைக்கு மாத்தணும், அது அங்கே நடைமுறை. மொத்தமா அனுப்பறதுக்கு முன்னாடி, முகவரி சரிதானான்னு பார்க்க 45.36 டாலர் மட்டும் சோதனைக்கு அனுப்பினாங்க. அது சரியாப் போய்ச் சேர்ந்தது. நீங்களும் நானும் இதைத்தானே பண்ணுவோம்? இதைவிட ஜாக்கிரதையா ஒருத்தர் என்ன பண்ண முடியும்?

ஆனா பிளாக்செயின் ஊரறிஞ்ச கணக்குப் புத்தகம். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினாங்கன்னு உலகமே பார்க்கலாம். ஒருத்தன் பார்த்துக்கிட்டிருந்தான். 5 லட்சம் டாலர் இருக்கிற ஒரு முகவரியிலேருந்து 45 டாலர் மட்டும் கிளம்பினா அதுக்கு என்ன அர்த்தம்? பின்னாடி பெரிசா ஒண்ணு வருதுன்னு அர்த்தம். உடனே மார்ஷல்ஸ் முகவரியின் முதல் 5 எழுத்தும் கடைசி 4 எழுத்தும் அப்படியே இருக்கிற மாதிரி ஒரு முகவரியை உண்டாக்கி, அதிலேருந்து டி.இ.ஏ. கணக்குக்கு ஒரு டோக்கனைப் போட்டுவிட்டான். அடுத்த தடவை அனுப்பின அதிகாரி, பட்டியல்ல தெரிஞ்ச முகவரியை எடுத்து 55,000 டாலருக்கு மேல அனுப்பிட்டார்.

மார்ஷல்ஸ் பக்கத்துலேருந்து விஷயம் தெரிஞ்சு, டெதர் கம்பெனியைக் கூப்பிட்டு முடக்கச் சொல்றதுக்குள்ள பணம் ஈதரா மாறிப் போயிடுச்சு. 2023 ஆகஸ்ட்ல ஃபோர்ப்ஸ் பத்திரிகை இதை வெளியிட்டது.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ட்ரெசர் பெட்டியை யாரும் உடைக்கலை. ரெண்டாவது, அந்த 45 டாலர் சோதனைதான் திருடனைத் தட்டி எழுப்பியிருக்கு. பாதுகாப்புக்காகச் செஞ்ச காரியமே தூண்டில் புழுவாயிடுச்சு. இந்த ரெண்டாவது விஷயத்தை மனசுல வச்சுக்கங்க, திரும்பத் திரும்ப வரப்போகுது.

முகவரிக்கு முகம் கிடையாது

இது ஏன் நடக்குதுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். நம்ம யு.பி.ஐ.ல ஒருத்தருக்குக் காசு போடும்போது பேர் வருது இல்லையா? 'முருகேசன்'னு வந்தா நிம்மதியாப் பின் நம்பரைத் தட்டுறோம். எதிரியம்ல பேர் கிடையாது. ஒரு முகவரிங்கிறது 0x-க்கு அப்புறம் 40 எழுத்து. 0 முதல் 9 வரை எண்கள், a முதல் f வரை எழுத்துகள், அதாவது ஒவ்வொரு இடத்துக்கும் 16 சாத்தியம். அந்த 40-ஐயும் போன் திரையில காட்டினா அசிங்கமா இருக்கும்னு வாலட் செய்யறவங்க நடுவை வெட்டிட்டு, முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் மட்டும் காட்டுறாங்க. நாமளும் அதைப் பார்த்தே பழகிட்டோம். தலையும் வாலும் சரியா இருந்தா பாம்பு நம்ம பாம்புதான்!

சரி, தலையும் வாலும் ஒத்துப்போற முகவரியை உண்டாக்குறது எவ்வளவு கஷ்டம்? முகவரியை நேரா எழுதிக்க முடியாது. ஒரு ரகசியச் சாவியை எடுத்தா, அதிலேருந்து கணக்குப் போட்டு ஒரு முகவரி வரும். என்ன வரும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால கோடிக்கணக்குல சாவிகளை உருவாக்கிப் பார்த்துக்கிட்டே இருக்கணும், எதோ ஒண்ணு ஒத்துப்போகும். ஆசைக்காக இதைச் செய்யற பழக்கம் முன்னாடியே இருந்தது. கார் நம்பர் ஃபேன்சியா வாங்குவாங்களே, அது மாதிரி தன் பேர் வர்ற பிட்காயின் முகவரியைத் தேடறதுக்கு 2011-லேயே வேனிட்டிஜென்னு ஒரு மென்பொருள் வந்துடுச்சு. எதிரியத்துக்கும் பிறகு அதே மாதிரி வந்தது. கிராபிக்ஸ் கார்டு வச்சு ஓட்டினா ஒரு விநாடிக்குப் பல கோடி முகவரிகளைச் சோதிக்கும்.

இப்ப கணக்கைப் பாருங்க. முன்னும் பின்னுமா மொத்தம் 7 எழுத்து ஒத்துப்போகணும்னா, 16-ஐ 7 தடவை பெருக்கணும். சுமார் 27 கோடி முயற்சி. நல்ல கார்டு ஒண்ணுக்கு அது சில விநாடி வேலை. 10 எழுத்துன்னா சுமார் 1.1 லட்சம் கோடி முயற்சி. அதுக்கு ஒரு கார்டுன்னா நேரமாகும், பத்து இருபது கார்டு வச்சிருந்தா நிமிஷக் கணக்குதான். ஆனா 40 எழுத்தும் ஒத்துப்போறது நடக்காத காரியம். பிரபஞ்சத்துக்கே ஆயுசு பத்தாது. ஆக, நாம் பார்க்கிற பகுதி மட்டும்தான் போலி பண்ணக்கூடியது. பார்க்காம விடுற நடுப் பகுதியிலதான் பாதுகாப்பு முழுக்க இருக்கு. இந்த ஒரு வரி புரிஞ்சாப் போதும், மீதிப் பதிவு போனஸ்.

எழுத்துப் பிழை வந்தா கண்டுபிடிக்க முகவரியில பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு ஒரு சரிபார்ப்பு இருக்கே, அது காப்பாத்தாதான்னு நிறைய பேர் கேட்பாங்க. 2016-ல வந்த ஏற்பாடு அது. காப்பாத்தாது. போலி முகவரியும் முறைப்படி பிறந்த உண்மையான முகவரிதான், அதுக்கும் அந்தச் சரிபார்ப்பு சரியாவே வரும். தப்பாத் தட்டினவனைத்தான் அது பிடிக்கும். தப்பான ஆளைச் சரியாத் தட்டினவனைப் பிடிக்காது.

அந்த 0 எப்படி வந்தது?

என் கணக்குல நான் அனுப்பாத ஒண்ணு எப்படிப் போச்சுங்கிறதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது. காரணம் 2015-ல எழுதின ஒரு விதியில இருக்கு. எதிரியம்ல ஓடுற டோக்கன்களுக்கு ERC-20ன்னு ஒரு பொது விதிமுறை. அதுல ஒருத்தர் காசை இன்னொருத்தர் எடுத்து அனுப்பறதுக்கு ஒரு வழி உண்டு. காசுக்காரர் முன்கூட்டி 'இவ்வளவு வரைக்கும் எடுத்துக்கோ'ன்னு அனுமதி கொடுத்திருந்தா, அந்த அளவுக்குள்ள எடுக்கலாம். அதைக் கூப்பிடறது இப்படி இருக்கும்:

```
transferFrom(victim, fake, 0)
```

நான் யாருக்கும் அனுமதியே கொடுக்கலை, அதாவது என் அனுமதி 0. அவன் எடுக்கக் கேட்டதும் 0. பூஜ்யம் பூஜ்யத்தைவிட அதிகமா? இல்லை. அப்ப அனுமதிக்குள்ள இருக்கு, விடு! போதாததுக்கு, பூஜ்யத் தொகை அனுப்பினாலும் அதைச் சாதாரணப் பரிமாற்றமாவே பதியணும்னு விதிமுறையே சொல்லுது. அதை எழுதினவங்க மேல தப்பு சொல்ல முடியாது. பூஜ்யம் போனா யாருக்கு என்ன நஷ்டம்னுதானே தோணும்?

2022 கடைசியில இந்த ஓட்டையை வச்சு ஆயிரக்கணக்குல பட்டியல்களில் விஷம் கலந்தாங்க. 2023 ஜனவரியில மெட்டாமாஸ்க் வாலட்காரங்க எச்சரிக்கை விட்டாங்க. ஏப்ரல்ல, பிளாக்செயின் கணக்கைப் பார்க்க எல்லாரும் போற ஈதர்ஸ்கேன் தளம், பூஜ்யத் தொகைப் பரிமாற்றங்களைப் பட்டியல்ல காட்டாம மறைச்சது. அதோட நின்னுதா? பூஜ்யத்துக்குப் பதிலா ஒரு சென்ட்டுக்கும் கீழே நிஜக் காசே அனுப்புறதும், டெதர்னு பேர் வச்ச போலி டோக்கனை, நீங்க போன தடவை அனுப்பின அதே தொகைக்கு அனுப்பின மாதிரி காட்டுறதும் தொடர்ந்துக்கிட்டே இருந்தது. பட்டியல்ல உங்க முகவரிக்குப் பக்கத்துல அவன் முகவரி நிக்கணும், அவ்வளவுதான் அவனுக்கு வேணும்.

இது எந்த அளவுக்குன்னு கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தாங்க. 2022 ஜூலையிலேருந்து 2024 ஜூன் வரைக்கும் ரெண்டு வருஷத்துல, எதிரியம், பி.எஸ்.சி. ரெண்டு சங்கிலியிலும் சேர்த்து 27 கோடி முயற்சிகள், 1.7 கோடி முகவரிகள் மேல. ஜெயிச்சது 6,633 தடவை. 27 கோடியில வெறும் ஆறாயிரத்துச் சொச்சம்! மீன் பிடிக்கிறவன் கடல் முழுக்க வலை போட்ட மாதிரி. ஆனா அந்த ஆறாயிரத்துல கிடைச்சது குறைஞ்சது 8.38 கோடி டாலர். அப்ப வலை கட்டுப்படியாகுதுதானே.

2024 மே 3

எல்லாத்துலயும் எனக்கு மறக்க முடியாதது இந்த நாள். யாரோ ஒருத்தர், பேர் ஊர் எதுவும் வெளியே தெரியாது, 1,155 WBTC வச்சிருந்தார். பிட்காயின் மதிப்புக்கு எதிரியம்ல ஓடுற டோக்கன் அது. அன்னைய விலைக்குக் கிட்டத்தட்ட 7 கோடி டாலர். புது முகவரி ஒண்ணுக்கு மாத்தணும். நம்ம டி.இ.ஏ. மாதிரியே இவரும் ஜாக்கிரதைக்காரர். முதல்ல 0.05 ஈதர் மட்டும் சோதனைக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்துல அவர் பட்டியல்ல இன்னொரு வரி முளைச்சது. ரெண்டு முகவரியையும் கீழே போடுறேன், முதலாவது அசல், ரெண்டாவது போலி. நடுவுல வெட்டித்தான் போட்டிருக்கேன்.

```
0xd9A1b0B1...B2853a91
0xd9A1C378...44853a91
```

முன்னாடி d9A1, பின்னாடி 853a91. மொத்தம் 10 எழுத்து ஒத்துப்போகுது, மேலே கணக்குப் போட்டோமே, அதே 1.1 லட்சம் கோடி. இதை வாலட் இன்னும் சுருக்கி முன்னாடி நாலு, பின்னாடி நாலுன்னு காட்டினா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. நீங்களே ஒரு நிமிஷம் தள்ளி உட்கார்ந்து பாருங்க, கண்ணு தானா ஏமாறும்.

அவர் ரெண்டாவதை எடுத்தார். 1,155-ம் ஒரே பரிமாற்றத்துல போச்சு.

இதுக்கப்புறம் நடந்தது சினிமா. திருடன் அதை ஈதரா மாத்தி, பல முகவரிகளுக்குப் பிரிச்சுட்டான். பறிகொடுத்தவர் பிளாக்செயின்லேயே அவனுக்குச் செய்தி போட்டார். 10 சதவீதம் நீ வச்சுக்கோ, மீதியைக் கொடு, இவ்வளவு பெரிய தொகையை உன்னால வெளுக்க முடியாதுங்கிற அர்த்தத்துல. சில நாள் மௌனம். அப்புறம் 51 ஈதர் திரும்பி வந்தது, பேசலாம்ங்கிற சைகை. மே மாத நடுவுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வந்துடுச்சு! உலகமே பார்த்துக்கிட்டிருந்த பணத்தை எங்கேயும் கொண்டுபோக முடியாத பயம்தான் காரணம்னு நினைக்கிறேன். பிறகு செயினாலிசிஸ் நிறுவனம் ஆராய்ஞ்சப்போ, இதே கும்பல் விதைச்ச போலி முகவரிகள் 80,000-க்கு மேலன்னு தெரிய வந்தது. எண்பதாயிரம் விதையில ஒண்ணு பெரிய மரமாகி, அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

இதைப் படிச்சுட்டு 'போனா திரும்ப வந்துடும்'னு நினைச்சுடாதீங்க. 2025 டிசம்பர் 20-ம் தேதி இன்னொருத்தர் 50 டெதர் சோதனைக்கு அனுப்பிட்டு, அரை மணி நேரத்துக்குள்ள 4,99,99,950 டெதரைப் போலி முகவரிக்கு அனுப்பினார். ஐந்து கோடியிலிருந்து சோதனைக்குப் போன அந்த ஐம்பது மட்டும்தான் குறைவு. அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்கு என்னமோ பண்ணுது. இங்கே ஒத்துப்போனது முன்னாடி 3, பின்னாடி 4, வெறும் 7 எழுத்து. திருடன் உடனே டெதரை முடக்க முடியாத வேற நாணயமா மாத்தி, தடம் அழிக்கிற டொர்னேடோ கேஷ்ல விட்டுட்டான். 2023 ஆகஸ்ட் 1-ல ஒருத்தர் இதே மாதிரி 2 கோடி டெதர் அனுப்பினப்போ, ஒரு மணி நேரம் போல ஆனதுக்குள்ள டெதர் கம்பெனி அந்த முகவரியை முடக்கிடுச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் திருடன் எவ்வளவு வேகமா மாத்தினான்ங்கிறதுதான். 2024-ல வந்தது அதிர்ஷ்டம். அதைக் கணக்குல எடுத்துக்கக் கூடாது.

இன்னொரு ட்ரெசர், இன்னொரு திருட்டு

இப்ப மறுபடியும் ட்ரெசர் பெட்டிக்கு வருவோம். டி.இ.ஏ. கதைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2021 பிப்ரவரி. ஒருத்தர் ட்ரெசர்ல 17.1 பிட்காயின் வச்சிருந்தார், அப்போதைய மதிப்பு சுமார் 6 லட்சம் டாலர். பாக்கி எவ்வளவு இருக்குன்னு ஐபோன்ல பார்க்கலாமேன்னு ஆப் ஸ்டோர்ல 'ட்ரெசர்'னு தேடினார். பூட்டுப் படம் போட்ட ஆப் வந்தது, கிட்டத்தட்ட 5 நட்சத்திரம். இறக்கிக்கிட்டு, கேட்ட விவரத்தைத் தட்டினார். ஒரு விநாடிக்குள்ள எல்லாம் போச்சு. அந்தச் சமயத்துல ட்ரெசர் கம்பெனிக்கு ஐபோன் ஆப்பே கிடையாது!

வாஷிங்டன் போஸ்ட் அந்த மார்ச்ல இதை எழுதினப்போதான் ஆப் எப்படி உள்ளே வந்ததுன்னு தெரிஞ்சுது. முதல்ல அதை ஐபோன் கோப்புகளை ரகசியக் குறியீடா மாத்துற, பாஸ்வேர்டு வச்சுக்கிற ஆப்னு சொல்லி அனுமதி வாங்கினாங்க. கிரிப்டோ நாணயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னும் சொன்னாங்க. அனுமதி கிடைச்ச பிறகு அது வாலட்டா வேஷம் மாறிடுச்சு. ஜனவரி 22-லேருந்து பிப்ரவரி 3 வரை, சுமார் ஆயிரம் பேர் இறக்கியிருக்காங்க.

அந்த ஆப் கேட்டது என்னன்னு தெரிஞ்சா எப்படி ஒரு விநாடியில போச்சுன்னு புரியும். வாலட் முதல்ல தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டி, தாள்ல எழுதி வைக்கச் சொல்லும். 2,048 சொற்கள் உள்ள ஒரு பட்டியல்லேருந்து எடுத்த மீட்புச் சொற்கள். பெட்டி தொலைஞ்சாலும் உடைஞ்சாலும் இந்தச் சொற்கள் இருந்தா வேற பெட்டியில எல்லாத்தையும் மீட்கலாம். நாம் இதை ஏதோ பாஸ்வேர்டுன்னு நினைச்சுக்கிறோம். பாஸ்வேர்டு இல்லைங்க. சாவியே அதுதான், தமிழ்ல எழுதின சொத்துப் பத்திரம் மாதிரி இங்கிலீஷ்ல எழுதின சாவி. அதை ஒரு ஆப்ல தட்டினா, பூட்டின பெட்டி மேஜையில பூட்டினபடியே இருக்கும், உள்ளே இருக்கிறது மட்டும் இருக்காது.

இந்த வேஷம் மாறும் வித்தை தொடர்ந்துக்கிட்டேதான் இருக்கு. 2019-ல கூகுள் பிளேல போலி ட்ரெசர். 2023 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல போலி லெட்ஜர் ஆப், 16.8 பிட்காயின் போச்சு. 2024-ல வால்லட்கனெக்ட் பேர்ல கூகுள் பிளேல வந்தது இன்னும் சாமர்த்தியம். அது பிறந்தப்போ வெறும் கால்குலேட்டர்னு பேர். யார் பார்க்கிறாங்கன்னு கணிச்சு, சோதிக்க வர்றவங்களுக்குக் கால்குலேட்டரையே காட்டும், ஏமாறப்போறவருக்கு மட்டும் வாலட் பக்கத்தைக் காட்டும். மீட்புச் சொற்களைக்கூட அது கேட்கலை. 'அனுமதி கொடு'ன்னு கையெழுத்து மட்டும் கேட்டுது. மேலே பார்த்தோமே ERC-20 அனுமதி, அதேதான். அங்கே பூஜ்ய அனுமதியை வச்சு விளையாடினாங்க, இங்கே நிஜ அனுமதியையே வாங்கிட்டாங்க. செக் பாயிண்ட் நிறுவனம் கண்டுபிடிச்சப்போ 150 பேருக்கு மேல 70,000 டாலர் இழந்திருந்தாங்க.

ரெண்டு வித்தையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரே சூத்திரம்தான். ரெண்டிலும் கணக்கை யாரும் உடைக்கலை, பூட்டை யாரும் நெம்பலை. எதைப் பார்த்து நாம் நம்புறோம்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் போலி பண்ணியிருக்காங்க. முகவரியில நாம் பார்க்கிறது தலையும் வாலும். ஆப்ல நாம் பார்க்கிறது பேரும் படமும் நட்சத்திரமும். ஊர்ல ஒரு அல்வாக் கடை பேர் வாங்கிட்டா அதே தெருவுல அதே பேர்ல நாலு கடை வருமே, அதே கதை. என்ன, அங்கே ஏமாந்தா வாய் ருசி மட்டும்தான் போகும்.

நான் இப்ப என்ன பண்றேன்

பட்டியல்லேருந்து முகவரியைக் காப்பி பண்றதை அடியோட விட்டுட்டேன். நண்பர் முகவரியை வாலட்டின் முகவரிப் புத்தகத்துல ஒரு தடவை போட்டு வச்சேன். போட்ட அன்னைக்கு அவருக்குப் போன் போட்டு, நடுவுல ஒரு எட்டு எழுத்தை அவரை வாசிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்தேன். "என்னய்யா, கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்கிறியா?"ன்னு கிண்டல் பண்ணினார். பண்ணட்டும்.

சோதனைக்கு அனுப்பறதை விடலை, அது நல்ல பழக்கம்தான். ஆனா சோதனை எதை நிரூபிக்குதுன்னு இப்ப தெரியும். 'நான் முதல் தடவை போட்ட முகவரி சரி'ங்கிறதை மட்டும்தான் அது நிரூபிக்கும். ரெண்டாவது தடவை போடப்போற முகவரியைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சில நிமிஷங்கள்தான் ஆபத்தான நேரம், திருடன் முழிச்சுக்கிறதே அப்பதான். அதனால ரெண்டாவது தடவையும் முகவரிப் புத்தகத்துலேருந்தே எடுக்கணும். மேலே சொன்ன மூணு பேரும் கோட்டை விட்டது இந்த ஒரே இடத்துலதான்.

பெட்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அனுப்பற முகவரியைப் பெட்டியின் சின்னத் திரை முழுசாக் காட்டும். அதை அசலோட, நடுப் பகுதி உள்பட ஒத்துப் பாருங்க. ஆனா நீங்க ஒத்துப் பார்க்கிற 'அசல்' எங்கேயிருந்து வந்ததுங்கிறதுதான் கேள்வி. பட்டியல்லேருந்து எடுத்த போலியோட போலியை ஒத்துப் பார்த்தா அச்சு அசலாத்தான் இருக்கும். டி.இ.ஏ. பெட்டியும் கேட்ட முகவரிக்குத்தான் ஒழுங்கா அனுப்பிச்சு. மீட்புச் சொற்களை ட்ரெசர் மாதிரி பெட்டிக்காரங்க போன் ஆப்லயோ வலைப்பக்கத்துலயோ தட்டவே கூடாது. ஆப் வேணும்னா கடையில தேடாம, கம்பெனியின் தளத்துக்குப் போய் அங்கேயிருந்து சுட்டியைப் பிடிச்சுப் போங்க.

என் பட்டியல்ல அந்த 0 வரி இன்னும் இருக்கு. அழிக்க முடியாது, பிளாக்செயின்ல எழுதினது எழுதினதுதான். அப்பப்ப போய்ப் பார்ப்பேன். எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து, என் நண்பர் முகவரிக்கு ஒரு இரட்டைப் பிள்ளையைப் பெத்து, கட்டணமும் கட்டி, எனக்கு அனுப்பி வச்சிருக்கான். நான் இன்னும் அதைக் காப்பி பண்ணுவேன்னு காத்துக்கிட்டிருக்கானோ என்னமோ.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு உங்க பட்டியலைத் திறந்து பார்த்து, நீங்க அனுப்பாத வரி எதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. முகவரியைப் போடாதீங்க, கதையை மட்டும் போடுங்க :-)